வேலை மாறுவதும் விளைவைப் பார்ப்பதும்

2000-ஆம் ஆண்டில் தரமணியில் டைடல் பார்க் திறந்த நாட்களில் சென்னையில் வேலையைப் பற்றிய பேச்சே மாறிப்போனது நினைவுக்கு வருகிறது. அதுவரை பெரம்பூர் ஐ.சி.எஃப்., மின்வாரியம், வங்கி, பாடி, அம்பத்தூர் தொழிற்சாலைகள் என்று எங்காவது ஓரிடத்தில் சேர்ந்து, அங்கேயே மாலை மரியாதையோடு ஓய்வு பெறுவதுதான் நல்ல வேலைக்கு அடையாளம். பெண் வீட்டார் கேட்ட முதல் கேள்வி, “பையன் பர்மனெண்ட் ஆயிட்டானா?” பழைய மகாபலிபுரம் சாலை ஓ.எம்.ஆர். ஆகி, கண்ணாடிக் கட்டடங்கள் சிறுசேரி வரை நீண்டபோது அந்தக் கேள்வி “இந்தத் தடவை எத்தனை பர்சன்ட் ஹைக்?” என்று ஆகிவிட்டது. ஐ.டி. துறையில் இருந்துகொண்டு இந்த மாற்றத்தைக் கால் நூற்றாண்டாகப் பார்த்து வந்தவன் என்ற முறையில், அன்றும் இன்றும் சொல்லப்படும் இரண்டு அறிவுரைகளுமே எனக்குப் போதவில்லை. ஒரே இடத்தில் கிடந்தால் துருப்பிடித்துவிடுவாய் என்கிறது ஒன்று. தாவிக்கொண்டே இருந்தால் ஒன்றிலும் தேற மாட்டாய் என்கிறது மற்றொன்று. இரண்டும் ஆண்டுகளைத்தான் எண்ணுகின்றன. நான் கண்டவரையில், ஒருவர் தொழிலில் வளர்கிறாரா என்பது, தான் செய்த வேலையின் விளைவு வந்து சேரும்போது அவர் அங்கே இருக்கிறாரா, அந்த விளைவைச் சரிசெய்யும் பொறுப்பு அவரிடம் வருகிறதா என்பதைப் பொறுத்துத்தான் இருக்கிறது. இருப்பதும் மாறுவதும் அதற்குப் பிறகு வரும் கேள்விகள்.

முதலில் பணத்தைப் பேசிவிடுவோம். அதை மறைத்துக்கொண்டு வளர்ச்சியைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது. 2012-இல் ஆண்டுக்கு 3.25 லட்சம் சி.டி.சி.யில் இரண்டு பேர் ஃப்ரெஷராகச் சேர்ந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் அங்கேயே இருந்து ஆண்டுக்கு 7 சதவீத உயர்வு பெறுகிறார். பத்து ஆண்டில் அது 6.4 லட்சம் ஆகும். நடுவில் இரண்டு பதவி உயர்வு வந்து, ஒவ்வொன்றிலும் மேற்கொண்டு 10 சதவீதம் கிடைத்தாலும் 7.75 லட்சத்தைத் தாண்டாது. மற்றவர் அதே பத்து ஆண்டில் மூன்று முறை கம்பெனி மாறுகிறார். ஒவ்வொரு மாற்றத்துக்கும் 30 சதவீதம், மீதி ஏழு ஆண்டுகளில் அதே 7 சதவீதம் என்று போட்டால் சுமார் 11.5 லட்சம் வருகிறது. இருந்தவருக்கு ஆறுதலாக வருவது கிராஜுவிட்டி. ஐந்து ஆண்டு தொடர்ந்து பணியாற்றியவருக்கு, கடைசி மாத அடிப்படைச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கி, பணி ஆண்டுகளால் பெருக்கினால் அன்றைய விதிப்படி வந்த தொகை அது. அடிப்படைச் சம்பளம் 25,000 என்றால் பத்து ஆண்டுக்கு ஏறக்குறைய 1.44 லட்சம். ஐந்தாண்டு எங்கும் நிறையாமல் மாறியவருக்கு அது இல்லை. ஆனால் அவர் ஒரே ஆண்டில் கூடுதலாக வாங்குவதே அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். எந்த அத்தைக்கும் மாமாவுக்கும் புரியும் கணக்கு இது. இந்த எண்கள் என் உதாரணம்தான், என்றாலும் இந்தத் துறையில் இருப்பவர்களுக்கு அந்நியமாகத் தோன்றாது. 2022-இல் இன்ஃபோசிஸ் வெளியிட்ட ஓராண்டு வெளியேற்ற விகிதம் ஒரு காலாண்டில் 28.4 சதவீதத்தைத் தொட்டது. டி.சி.எஸ்.ஸிலேயே 21.5 சதவீதம். அத்தனை பேரும் பொறுமையில்லாதவர்கள் என்று சொல்லிவிட முடியாது. அவர்களும் இதே கணக்கைத்தான் போட்டிருப்பார்கள்.

மாறுவதற்குச் சாதகமாக இதைவிட வலுவான சான்று அமெரிக்காவிலிருந்து உண்டு. ராபர்ட் டோபல், மைக்கேல் வார்ட் என்ற பொருளாதார அறிஞர்கள் 1992-இல் வெளியிட்ட ஆய்வில், அங்கே ஓர் இளைஞர் வேலைக்கு வந்த முதல் பத்து ஆண்டுகளில் சராசரியாக ஏழு வேலைகள் பார்க்கிறார் என்றும், அந்தக் காலத்துச் சம்பள வளர்ச்சியில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு வேலை மாறும் தருணங்களில் கிடைப்பது என்றும் கண்டார்கள். இதற்குக் காரணம் எளிது. இருபத்திரண்டு வயதில் தனக்கு எந்த வேலை பொருந்தும் என்று யாருக்கும் தெரியாது. வேலை கொடுப்பவருக்கும் தெரியாது. சேர்ந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். நம் ஊரில் இது இன்னும் கூர்மையாகப் பொருந்தும். இங்கே கேம்பஸில் எடுக்கப்பட்டவர் எந்தத் தொழில்நுட்பத்துக்குப் போவார் என்பதைப் பயிற்சி முடியும் நேரத்தில் எந்த புராஜெக்டுக்கு ஆள் தேவைப்பட்டது என்பதே தீர்மானித்தது. ஜாவா கேட்டவர் மெயின்ஃப்ரேமுக்குப் போனார், கோட் எழுத வந்தவர் டெஸ்டிங்குக்குப் போனார். அப்படிச் சேர்ந்தவர் இரண்டாம் ஆண்டில் மாறினால், நிலையில்லாதவர் என்று அவரைக் குறை சொல்வது நியாயமே இல்லை. தனக்காக யாரும் செய்யாத தேர்வை அவர் தானே செய்துகொள்கிறார்.

ஆனால் சம்பளம் என்பது சந்தை ஒருவருக்கு வைக்கும் விலை. அவருடைய திறமையும் அதே வேகத்தில் ஏறியதா என்பதற்கு அது சாட்சியாகாது. இதற்கு நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பது ஐ.டி.யோடு சம்பந்தமில்லாத ஓர் ஆய்வு. ராபர்ட் ஹக்மன், கேரி பிசானோ என்ற இருவர் பென்சில்வேனியா மாநிலத்தில் இதய பைபாஸ் அறுவை செய்யும் மருத்துவர்களைப் பற்றி எழுதி 2006-இல் வெளியிட்டது. அங்கே ஒரே மருத்துவர் பல மருத்துவமனைகளில் அறுவை செய்வது வழக்கம். ஒரு மருத்துவமனையில் அவர் அதிக அறுவைகள் செய்யச் செய்ய, அந்த மருத்துவமனையில் அவருடைய நோயாளிகள் பிழைக்கும் விகிதம் கூடியது. அதே மருத்துவர் இன்னொரு மருத்துவமனையில் செய்யும்போது அந்தத் தேர்ச்சி கூடவே போகவில்லை. கை அதே கைதான், கத்தியும் அதே கத்திதான். சுற்றியிருக்கும் செவிலியர், மயக்க மருந்து கொடுப்பவர், எது எங்கே கிடைக்கும் என்ற பழக்கம், இவையெல்லாம் சேர்ந்துதான் அந்தத் திறமை. ஹார்வர்டில் போரிஸ் குரோய்ஸ்பெர்க் இதையே அமெரிக்கப் பங்குச்சந்தை ஆய்வாளர்களிடம் பார்த்தார். முதல் வரிசை ஆய்வாளர்களில் கம்பெனி மாறியவர்களின் தரம் சராசரியாகச் சரிந்தது, நிமிர ஆண்டுகள் பிடித்தன. தங்கள் குழுவையும் உடன் அழைத்துப் போனவர்கள் அவ்வளவு சரியவில்லை. ஆக, நம்முடையது என்று நாம் ரெஸ்யூமேயில் எழுதிக்கொள்வதில் பாதி, நாம் விட்டுவிட்டு வரும் இடத்துக்குச் சொந்தம்.

சரி, இடத்துக்குச் சொந்தமில்லாத மீதிப் பாதி எப்படி வளர்கிறது? இந்தத் துறையில் நடக்கக்கூடிய ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். கடன் கொடுக்கும் ஒரு நிறுவனத்துக்கு, ஒவ்வொரு நாளும் வட்டி கணக்கிடும் புரோகிராம் ஒன்றை ஒருவர் 2021 ஆகஸ்டில் எழுதுகிறார். இரவு பேட்சில் ஓடவேண்டியது. ஆண்டு வட்டியை 365-ஆல் வகுக்கிறார். ஒப்பந்தத்தில் ‘அந்த ஆண்டின் உண்மையான நாட்கள்’ என்று இருக்கிறது, ஆனால் தேவைப் பட்டியலாக அவர் கைக்கு வந்த தாளில் அந்த வரி இல்லை. டெஸ்டிங்குக்குக் கொடுத்த மாதிரித் தரவு முழுக்க அந்த ஆண்டின் தேதிகள். எல்லாம் பாஸ். நவம்பரில் கோ-லைவ், கேக் வெட்டி ஒரு பாராட்டு மெயில். அடுத்த கோடையில் அவர் ‘வட்டி மாட்யூலை வடிவமைத்தவர்’ என்ற வரியோடு 30 சதவீத உயர்வில் வேறு கம்பெனிக்குப் போகிறார். 2024 லீப் ஆண்டு. பிழை பிப்ரவரி 29 அன்று திடீரென்று வெடிப்பதில்லை, ஜனவரி 1-ஆம் தேதியே சத்தமில்லாமல் தொடங்கிவிடுகிறது. ஒரு கோடி ரூபாய்க் கடன், 9 சதவீத வட்டி என்றால், நாளொன்றுக்கு வரவேண்டியது 2,459 ரூபாய் 2 காசு. புரோகிராம் போடுவது 2,465 ரூபாய் 75 காசு. ஆறே முக்கால் ரூபாய்தான் வித்தியாசம், யார் கண்ணிலும் படாது. எந்த ஜாபும் நடுவில் நிற்காது, எந்த அலாரமும் அடிக்காது. ஆண்டு முழுவதும் விட்டால் ஒரு கோடிக்கு 2,466 ரூபாய் அதிகம். ஆயிரம் கோடிக் கடன் உள்ள நிறுவனத்தில் அது 24 லட்சத்தைத் தாண்டும். காலாண்டு முடிவில் ஆடிட்டர் ஒருவர் சில கணக்குகளை எடுத்துக் கையால் போட்டுப் பார்க்கும்போது வெளியே வருகிறது.

அப்போது அங்கே இருப்பவர் என்னவெல்லாம் செய்யவேண்டியிருக்கும் என்று பாருங்கள். வகுக்கும் எண்ணை மாற்றுவது ஐந்து நிமிட வேலை. ஆனால் ஜனவரி முதல் போட்ட வட்டியை ஒவ்வொரு கணக்குக்கும் திரும்பக் கணக்கிட வேண்டும். நடுவில் கடனை அடைத்து மூடியவர்களுக்குப் பணத்தைத் திருப்ப வேண்டும். வட்டியின்மேல் வட்டி ஏறிய கணக்குகளைத் தனியாகப் பிரிக்க வேண்டும். பொதுப் பேரேட்டில் ஏற்கெனவே போய்ச் சேர்ந்த வருமானத்தைத் திருத்த வேண்டும். வாடிக்கையாளர்களுக்கு என்ன எழுதுவது என்று சட்டப் பிரிவோடு உட்கார வேண்டும். இதைச் செய்தவர் அதற்குப் பிறகு எந்த ஊரில், எந்த மொழியில் வட்டிக் கணக்கு எழுதினாலும், முதல் கேள்வியாக நாட்களை எப்படி எண்ணுவது என்று கேட்பார். டெஸ்ட் தரவில் லீப் ஆண்டையும் மாதக் கடைசியையும் தானாகச் சேர்ப்பார். திருத்த வசதியாக, எந்த நாளில் எந்த விகிதத்தில் போட்டோம் என்பதைத் தனியாகப் பதிந்து வைப்பார். கூடவே கொண்டுபோகக்கூடிய திறமை என்றால் இதுதான். வேடிக்கை என்னவென்றால், இதைக் கற்றவர் அதை எழுதியவர் அல்ல. எழுதியவர் அந்த நேரம் வேறெங்கோ இன்னொரு வட்டி மாட்யூலை 365-ஆல் வகுத்துக்கொண்டிருக்கலாம். அவர் கெட்டிக்காரர்தான், சோம்பேறியும் இல்லை. தன் தவறு தன்னிடம் திரும்பி வர வழியில்லாதபடி வாழ்க்கையை அமைத்துக்கொண்டார், அவ்வளவுதான். ஒன்றரை ஆண்டுக்கு ஒருமுறை மாறுபவரின் உண்மையான இழப்பு இங்கே இருக்கிறது. சம்பளச் சீட்டில் அது தெரியாது. பன்னிரண்டு, பதினைந்து ஆண்டு கடந்து, ஒரு முழு அமைப்புக்கும் பொறுப்பேற்க வேண்டிய இடத்தில் உட்காரும்போதுதான் தெரியவரும்.

இதைக் கேட்டு, பத்து ஆண்டாக ஒரே நாற்காலியில் இருப்பவர் மகிழ்ந்துவிட வேண்டாம். அங்கேயே இருப்பதால் மட்டும் விளைவு நம்மிடம் வந்துவிடாது. பெரிய சர்வீஸ் கம்பெனிகளில் பெரும்பங்கு வேலை சப்போர்ட். இரவில் ஜாப் நிற்கும், டிக்கெட் வரும், குறித்த நேரத்துக்குள் ஓட வைத்து மூட வேண்டும். மூல காரணத்தைத் தேடும் வேலை வாடிக்கையாளரின் ஆட்களிடமோ வேறொரு டீமிடமோ இருக்கும். இப்படி ஆண்டுக்கணக்கில் டிக்கெட் மூடியவருக்கு, எந்த ஜாப் எந்தக் கிழமை நிற்கும், யாரை எழுப்ப வேண்டும் என்பதெல்லாம் மனப்பாடம். அந்த வாடிக்கையாளருக்கு அவர் விலைமதிப்பற்றவர், வாசலைத் தாண்டினால் அந்த அறிவுக்கு விலை இல்லை. இதைவிடக் கொடுமை, அவர் உள்ளேயே வேறு புராஜெக்ட் கேட்டால் மேனேஜர் ‘ரிலீஸ்’ கொடுக்க மாட்டார். காரணம் வெறுப்பல்ல, பில்லிங். அவர் பெயரில் மாதாமாதம் வாடிக்கையாளரிடமிருந்து பணம் வருகிறது. மாற்று ஆளைப் பழக்கும்வரை அந்த வருமானமும் சேவைத் தரமும் ஆட்டம் காணும். நன்றாக வேலை செய்பவர்தான் இப்படி மாட்டிக்கொள்கிறார். சுமாரானவரை மேனேஜரே சந்தோஷமாக அனுப்பிவிடுவார்! இந்த நிலையில் இருப்பவருக்கு என் வாதம் சொல்வது, பேப்பர் போடுங்கள் என்பதுதான். எப்படித் தெரிந்துகொள்வது என்றால், கடந்த ஓர் ஆண்டில் தான் எடுத்த முடிவு ஏதாவது தவறாகிப்போய், அதைத் தானே திருத்தினோமா என்று கேட்டுப் பார்க்கலாம். முடிவே எடுக்கவில்லை என்றால் தவறவும் வழியில்லை, கற்கவும் வழியில்லை. இன்னொரு வழி, மாறும் எண்ணம் இல்லாதபோதும் ஆண்டுக்கு ஒருமுறை வெளியே ஒரு இன்டர்வியூவுக்குப் போய்ப் பார்ப்பது. தன் கம்பெனியின் சொந்தக் கருவிகளின் பெயரைச் சொல்லாமல் தன் வேலையை விளக்க முடியவில்லை என்றால் ஆபத்து.

என் வாதத்துக்கு வரும் முதல் மறுப்பு உணர்ச்சியானது, ஆனால் நியாயமானது. நாம் விளைவு வரும்வரை காத்திருக்கலாம், கம்பெனி நமக்காகக் காத்திருக்குமா? 2025 ஜூலையில் டி.சி.எஸ். தன் ஊழியர்களில் ஏறக்குறைய 2 சதவீதம் பேரை, அதாவது பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை, பெரும்பாலும் நடுநிலை, மேல்நிலைப் பதவிகளில் இருப்பவர்களை, குறைக்கப்போவதாக அறிவித்தது. அரசு வேலைக்கு அடுத்தபடி என்று தமிழ்க் குடும்பங்கள் நம்பியிருந்த கம்பெனி அது. அந்த அதிர்ச்சியில், “பாத்தியா, விசுவாசத்துக்கு மரியாதை இல்லை” என்ற குரல் எழுந்தது இயல்பே. நான் விசுவாசத்தைப் பற்றிப் பேசவேயில்லை. சம்பளத்துக்கு வேலை, வேலைக்குச் சம்பளம் என்பதற்குமேல் கம்பெனிக்கு யாரும் கடன்பட்டவர் இல்லை. இருப்பது காப்பீடு ஆகாது என்பதை அந்த அறிவிப்பு உறுதிப்படுத்தியது. அதனால்தான் இருக்கும் காலத்தை, வேறெங்கும் கிடைக்காததைக் கற்கப் பயன்படுத்த வேண்டும் என்கிறேன். வேலை போனபிறகும் கையில் இருப்பது அது ஒன்றுதான்.

இரண்டாவது மறுப்பு அறிவார்ந்தது. ஆட்கள் மாறிக்கொண்டே இருந்ததால்தானே சிலிக்கன் பள்ளத்தாக்கு வளர்ந்தது என்று கேட்பார்கள். அன்னாலீ சாக்ஸேனியன் 1994-இல் எழுதிய நூலில், பாஸ்டன் பக்கத்தில் பெரிய கம்பெனிகள் ஆட்களையும் ரகசியங்களையும் உள்ளேயே பூட்டி வைத்துப் பின்தங்கியதையும், கலிஃபோர்னியாவில் பொறியாளர்கள் கம்பெனிக்குக் கம்பெனி போய் அறிவைப் பரப்பியதையும் ஒப்பிட்டுக் காட்டினார். போட்டிக் கம்பெனிக்குப் போகக்கூடாது என்று ஒப்பந்தம் போட்டாலும் கலிஃபோர்னியாவில் செல்லாது. அந்தச் சட்டம் 1872-இல் வந்தது. நம் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவும் ஏறத்தாழ அதையே சொல்கிறது, அதுவும் 1872-ஆம் ஆண்டுச் சட்டம்தான். ஆகவே மாறும் சுதந்திரம் ஓர் ஊருக்கும் ஒரு துறைக்கும் நல்லது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அறிவு பரவ வேண்டுமானால் மாறுகிறவரிடம் முதலில் அறிவு இருக்க வேண்டும். அங்கே நகர்ந்த பொறியாளர்கள் ஒரு சில்லு தொழிற்சாலையில் ஏன் வீணாகிறது என்று தாங்களே அறிந்துகொண்டு நகர்ந்தவர்கள். இங்கே 2021, 22-இல் மூன்று கம்பெனி ஆஃபரைக் கையில் வைத்துக்கொண்டு, ஒன்றைக் காட்டி மற்றொன்றை ஏற்றியவர்களில் பலர் கொண்டுபோனது அந்த முந்தைய ஆஃபர் லெட்டரைத்தான்.

மூன்றாவதை மறுப்பு என்பதைவிட வரம்பு என்றே சொல்ல வேண்டும். எல்லோருக்கும் இந்தத் தேர்வு கையில் இல்லை. கல்யாணமாகி ஊர் மாறும் பெண், பெற்றோரின் உடல்நிலைக்காகக் கோவைக்குத் திரும்புபவர், ஒப்பந்த ஊழியராகவே ஓராண்டுக்கு ஒருமுறை மாற்றப்படுபவர், வீட்டுக் கடன் தவணைக்காக உயர்வு தேடுபவர் எல்லோரும் என் வாதத்தைப் படித்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. பணத்துக்காக மாறுவது குற்றமும் இல்லை. அவர்களுக்கு ஒரு சின்ன யோசனை மட்டும் சொல்ல முடியும். பெரிய கம்பெனிகளில் நோட்டீஸ் காலம் பெரும்பாலும் 90 நாள். அதை அறிவு ஒப்படைப்பு என்ற பெயரில் தாள் நிரப்பிக் கழிக்கிறார்கள். அதில் கொஞ்ச நேரத்தை, தான் எழுதியதற்குப் பிறகு என்னென்ன டிக்கெட் வந்தன என்று திரும்பிப் பார்க்கச் செலவிடலாம். கூடவே பி.எஃப். பணத்தை ஒவ்வொரு முறையும் எடுத்துச் செலவழிக்காமல் அடுத்த கம்பெனிக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். ஓய்வூதியத்துக்கு வேண்டிய பத்து ஆண்டுப் பணியைப் பல கம்பெனிகளில் சேர்த்துக் கணக்கிட முடியும், நடுவில் ஓய்வூதியப் பங்கையும் எடுத்துவிட்டால் அந்த ஆண்டுகள் போய்விடும். எத்தனையோ பேர் இதைத் தாமதமாகத்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

அப்படியானால் எத்தனை ஆண்டு இருப்பது என்று கேட்டால், எண்ணாகச் சொல்ல எனக்குத் தயக்கம். வேலைக்கு வேலை விளைவு திரும்பி வரும் காலம் வேறு. மொபைல் செயலி எழுதுபவருக்கு இரண்டு வாரத்தில் பயனர் திட்டிவிடுவார். அவர் ஒன்றரை ஆண்டிலேயே பல சுற்று பார்த்துவிடலாம். வங்கி, காப்பீடு, சம்பளப் பட்டியல் போன்ற அமைப்புகளில் ஓர் ஆண்டு முடிவாவது கடந்தாக வேண்டும். கோ-லைவுக்குப் பின் இரண்டு ஆண்டு முடிவுகளைப் பார்த்தவரும் ஒன்றையும் பார்க்காதவரும் ஒரே பதவிப் பெயரில் இருந்தாலும், அவர்கள் கேட்கும் கேள்விகளே வேறாக இருக்கும்.

ஆகவே என் வேண்டுகோள், ஆட்களை எடுக்கும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு. ரெஸ்யூமேயில் எத்தனை கம்பெனி என்று எண்ணிப் பார்த்து முகம் சுளிப்பதையும், ஒரே கம்பெனியில் பத்து ஆண்டு என்றதும் மந்தமானவர் என்று ஒதுக்குவதையும் விட்டுவிடுங்கள். “நீங்கள் செய்ததில் கோ-லைவுக்குப் பிறகு எது உடைந்தது, யார் சரிசெய்தார்கள், அடுத்த முறை என்ன மாற்றினீர்கள்?” என்று கேளுங்கள். பதிலுக்குப் பத்து நிமிடம் கொடுங்கள்.